45 விநாடிக் குட்டி நாடகம்: கட்டில் விளம்பரம் ஒன்றை முதலிலிருந்து முடிவு வரை எடுப்பது எப்படி

ராமநாதபுரத்தில் மரச்சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டார்: "45 செகண்ட்ல ஒரு கதை வேணும். கடைசிலதான் நம்ம கடைன்னு தெரியணும்." தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் அதை எடுத்து முடித்தோம். பார்த்துவிட்டு இரண்டு மூன்று பேர் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டதால், அந்த ஒரே படத்தை வைத்து முழுவதையும் எழுதுகிறேன். செல்போனில் வீடியோ எடுக்கத் தெரியும், வெட்டி ஒட்டத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேலே உள்ளதுதான் இங்கே.

படி 1: திருப்பத்தை எதில் வைப்பது

'கடைசியில்தான் கடை தெரிய வேண்டும்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் படம் தோற்கும். காரணம் எளிது. வீடியோ போகப்போவது கடையின் சொந்தப் பக்கத்தில். பார்ப்பவர் கண்ணுக்கு முதல் விநாடியிலேயே கடையின் பெயர் ஓரத்தில் தெரிந்துவிடும். காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டினால் 'விளம்பரம்' என்ற அடையாளமும் சேர்ந்துகொள்ளும். இது எதற்கான விளம்பரம் என்பதை மறைத்து வைக்க நினைப்பதில் பயனில்லை.

அதனால் திருப்பம் கடையைப் பற்றியதாக இருக்கக் கூடாது, கதையில் இருக்கும் ஒருவரைப் பற்றியதாக இருக்க வேண்டும். மரச்சாமான் விளம்பரம் என்று தெரிந்தே பார்ப்பவருக்கும் 'இந்த அம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது' என்ற கேள்வி எழ வேண்டும். அந்தக் கேள்விக்கான பதிலாகப் பொருள் உள்ளே வர வேண்டும். இன்னொன்று, அந்தப் பொருளின் பழைய வடிவம் முதல் காட்சியிலிருந்தே கண்ணெதிரில் இருக்க வேண்டும். கடைசியில் திடீரென்று ஒரு சோபா வந்து நின்றால் அது திருப்பம் ஆகாது, வேறு படத்தை ஒட்ட வைத்தது போல இருக்கும்.

நம் கரையோர வீடுகளில் இரும்புக் கட்டில் அதிகம். உப்புக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். சட்டமும் காலும் சேரும் இடத்தில் துரு தின்று, ஆள் புரண்டாலே கிறீச் என்று கத்தும். கடைக்காரர் விற்க நினைத்தது மரக்கட்டில். அங்கேதான் கதை கிடைத்தது.

ஒரு மருமகள் கொல்லையில் நின்று போனில் கணவனோடு பேசுகிறாள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மாமியார் காதில் அது விழுகிறது. தன்னைத்தான் எங்கோ அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்து மஞ்சப்பையில் துணியை மடித்து வைக்கிறார். வண்டி வருகிறது. உள்ளே வந்த இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போய்ப் பழைய கட்டிலைத் தூக்குகிறார்கள்.

கடல் ஊர்க் கதை என்றதும் முதலில் தோன்றுவது, கரையில் நின்று கடலைப் பார்த்துக் காத்திருக்கும் பெண். அதை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் அந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் ஒன்றுதான். படகு திரும்பாத வீடு, இலங்கைச் சிறையில் ஆள் இருக்கும் வீடு, எல்லாம் அதே தெருவில் இருக்கின்றன. அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டுக் கடைசியில் நாற்காலியைக் காட்டினால் பார்ப்பவர் மனம் வெறுக்கும். வெறுப்பதில் நியாயமும் இருக்கிறது.

படி 2: வசனம்

எல்லாவற்றையும் விட இதில்தான் நேரம் போகும். விதி ஒன்றே: மருமகள் ஒரு பொய் கூடச் சொல்லக் கூடாது. அவள் பேசுவது முழுக்க முழுக்கக் கட்டிலைப் பற்றி. ஆனால் கேட்கும் மாமியாருக்கும் நமக்கும் அது மாமியாரைப் பற்றியதாகப் பட வேண்டும்.

தமிழில் இது கொஞ்சம் கடினம். வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். "இனிமே தாங்காது" என்றால் பொருள் என்று உடனே புரிந்துவிடும். "தாங்க மாட்டாங்க" என்றால் ஆள். அது பொய்யாகிவிடும். "அதை அனுப்பிடுங்க", "அவங்களை அனுப்பிடுங்க" என்பதிலும் இதே சிக்கல். எனவே ஆளையும் பொருளையும் பிரித்துக் காட்டாத சொற்களாகத் தேட வேண்டும். 'முடியாது' என்று முடியும் வாக்கியம், 'வரட்டும்' போன்ற முடிவு, 'வயசாயிருச்சு' போல யாருக்கு என்று சொல்லாத வினை, வினையே இல்லாத 'ராத்திரி பூரா சத்தம்' இவையெல்லாம் உதவும். கடைசியில் வசனம் இப்படி வந்து நின்றது:

"இல்லைங்க, இனிமே இங்க வச்சிருக்க முடியாது."

"வயசாயிருச்சு. காலும் சரியில்ல. ராத்திரி பூரா சத்தம், புள்ளை தூங்க மாட்டேங்குது."

"சாயங்காலமே வண்டி வரட்டும்."

'காலும் சரியில்ல' என்பதுதான் இதில் பலமான வரி. மாமியாருக்கு முட்டிவலி இருக்கிறது என்பதைக் கட்டிலில் அசையும் விதத்தில் முன்பே காட்டிவிடுகிறோம். அதனால் அந்த வரி கேட்ட உடனே அவர் மீது போய் ஒட்டிக்கொள்ளும். கட்டிலின் கால் துருப்பிடித்திருப்பதும் அதே காட்சியில் தெரிகிறது. யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

பிற்பகுதிக்கு வசனம் இன்னும் குறைவு. "அத்தை, எந்திரிங்க. வண்டி வந்திருச்சு." அவர் பையோடு எழுந்து, "நானே போயிர்றேன் தாயி." மருமகள் பையைப் பார்த்து, "எங்க அத்தை?" இதோடு நிறுத்த வேண்டும். 'ஐயோ, நான் கட்டிலைத்தான் சொன்னேன்' என்று விளக்கம் சொல்ல வைத்தால் திருப்பம் செத்துப்போகும். விளக்கத்தை, கட்டிலைத் தூக்கும் ஆட்கள் செய்துவிடுவார்கள். கடைசியில் "உக்காந்து பாருங்க" என்று ஒரு வரி. எல்லாம் சேர்த்து 30 சொல்லை ஒட்டி இருக்கிறது. 45 விநாடிக்கு அதற்கு மேல் போனால் முகத்தைப் பார்க்க இடம் இருக்காது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. கதையின் முடிவைத் தெரிந்துகொண்டு வசனத்தை மறுபடி படியுங்கள். எல்லா வரியும் கட்டிலுக்குப் பொருந்துகிறதா? ஒரு வரி பொருந்தாவிட்டாலும் இரண்டாவது முறை பார்ப்பவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். பொருந்தினால் அவரே இன்னொருவருக்கு அனுப்புவார்.

படி 3: விநாடிக் கணக்கு

0 முதல் 4: மாமியார் கட்டிலில் அசைகிறார். கிறீச். பக்கத்தில் தொங்கும் தூளி லேசாக ஆடுகிறது. கொல்லையிலிருந்து முதல் வரி.

4 முதல் 12: கதவு வழியாக மருமகளின் முதுகு. மீதிப் பேச்சு. நடுவில் மாமியாரின் முகம்.

12 முதல் 22: பேச்சே இல்லை. சேலை மடிப்பது, ஆணியிலிருந்து கணவரின் படத்தைக் கழற்றுவது.

22 முதல் 31: வண்டியின் ஹாரன், "அத்தை, எந்திரிங்க", பை, "நானே போயிர்றேன் தாயி", "எங்க அத்தை?"

31 முதல் 36: இரண்டு பேர் உள்ளே வந்து பழைய கட்டிலைத் தூக்கிப் போகிறார்கள்.

36 முதல் 41: புதுக் கட்டில், அதே பூப்போட்ட விரிப்பு. உட்காருகிறார். சத்தமே இல்லை.

41 முதல் 45: படம் பழைய ஆணிக்குத் திரும்புகிறது. கடையின் பெயர்.

திருப்பம் 31 ஆவது விநாடியில் வருவதைக் கவனியுங்கள். பலர் அதை 40 இல் கொண்டுபோய் வைப்பார்கள். அப்படி வைத்தால் பார்ப்பவர் 'ஓ' என்று சொல்லும்போதே படம் முடிந்து அடுத்தது ஓட ஆரம்பித்துவிடும். புரிந்துகொண்ட பிறகு அந்த அம்மாவின் நிம்மதியைப் பார்க்க ஒரு பத்து விநாடியாவது வேண்டும். பொருளைக் காட்டும் நேரமும் அதுவேதான், தனியாகக் காட்டத் தேவையில்லை.

சுவரிலிருந்து படத்தைக் கழற்றும் காட்சியை மட்டும் அவசரப்படாமல் எடுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் பல வருடம் தொங்கிய படத்தை எடுத்தால், அதன் அளவுக்கு ஒரு வெளிறிய கட்டம் இருக்கும். ஓரத்தில் ஒட்டடை, மேலே துருப்பிடித்த ஆணி. நடித்த அம்மாவிடம் அழச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை முந்தானையால் ஒரு முறை துடைத்துவிட்டு நகரச் சொன்னோம்.

படி 4: காட்டிக்கொடுக்கும் பொருட்களை அகற்றுவது

கடையின் சரக்கு ஆட்டோவில் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அதைக் காட்டினால் 22 ஆவது விநாடியிலேயே எல்லாம் முடிந்தது. ஹாரன் சத்தம் மட்டும் போதும், வண்டி வேண்டாம். தூக்க வரும் ஆட்கள் கடையின் டீசர்ட் போடாமல் வர வேண்டும். வீடியோவின் முகப்புப் படத்தில் புதுக் கட்டில் இருக்கக் கூடாது. மஞ்சப்பையோடு நிற்கும் மாமியார் இருந்தால் போதும். வீடியோவுக்குக் கீழே எழுதும் வரியிலும் 'பழைய கட்டிலை மாற்றுங்கள்' என்று கடைக்காரர் ஆசையாக எழுதிவிடுவார். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் பாலம் ஒரு காட்சியாவது வேண்டும் என்றும் கேட்பார்கள். இந்தக் கதைக்கு அது தேவையில்லை. ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் இன்னும் யோசியுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, இது எல்லைக் கடற்கரை. அனுமதி இல்லாமல் எதையும் மேலே ஏற்றக் கூடாது. ஊரைக் காட்ட அந்தத் துருவே போதும்.

படி 5: எடுப்பது

செல்போனை நெட்டாக வைத்து 1080 × 1920, விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த அளவில் டியூப்லைட் மினுமினுப்பு வராது. போனோடு வரும் கேமராவில் ஷட்டரைப் பிடித்து நிறுத்த முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ட்ரைபாட் கட்டாயம். கையில் பிடித்து எடுத்தால் அமைதியான காட்சிகள் பதற்றமாகத் தெரியும்.

புதுக் கட்டில் கடையின் சரக்கு, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மணல் ஒட்டிய காலோடு தரையில் இழுக்காமல் தூக்கி வையுங்கள். பாலிஷ் மேல் மணல் இருக்கும்போது துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதிவிட வேண்டும். லென்ஸுக்கும் இதே கதைதான். கடலோரத்தில் கொஞ்ச நேரத்திலேயே உப்புப் படலம் ஏறிப் படம் மங்கலாகும். வெளியே எடுக்கும் ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் ஊதி, பிறகு துடையுங்கள்.

இனி, உட்காரும் காட்சி. இந்தக் கட்டிலின் நல்ல குணமே உயரம்தான். மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம் இருந்தால், சராசரி உயரமுள்ள ஒருவர் உட்காரும்போது பாதம் முழுதாகத் தரையில் பதியும். முட்டிவலிக்காரர் கையை ஊன்றி எழுவதும் சுலபம். (நடிப்பவர் குள்ளமானவர் என்றால் இன்னும் கொஞ்சம் தாழ்வான கட்டிலைக் கேட்டு வாங்குங்கள்.) ஆகவே பாதம் தரையில் பதிவதைக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் ரீல்ஸில் கீழ்ப் பகுதியைத்தான் கணக்கின் பெயரும், விளக்க வரியும், பொத்தானும் மூடிக்கொள்கின்றன. விளம்பரமாக ஓட்டும்போது கீழே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடச் சொல்கிறார்கள். ஆளை முழுதாக எடுத்தால் பாதம் சரியாக அந்த இடத்தில் போய் விழும். படம் பார்த்தவருக்குக் கட்டில் தெரியும், கால் தெரியாது.

வழி இதுதான்: உட்காருவதை அகலக் காட்சியாக எடுக்காமல், கேமராவைத் தரைக்குச் சற்று மேலே இறக்கி, பாதம் படத்தின் நட்டநடுவில் வரும்படி தனியாக ஒரு காட்சி எடுங்கள். மேல் பாதியில் கட்டிலின் சட்டமும் சேலை ஓரமும், கீழே வெறும் சிமெண்ட் தரை. அந்தத் தரை மேல் எந்த எழுத்து வந்து உட்கார்ந்தாலும் கவலையில்லை. கடையின் பெயரையும் இதே காரணத்தால் நடுவுக்குச் சற்று மேலே வைத்தோம்.

படி 6: காற்றும் கிறீச்சும்

கரையோரத்தில் எடுப்பவர் எல்லோருக்கும் தலைவலி கொடுப்பது சத்தம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது தென்கரையில், அலைச் சத்தத்தோடு எதையும் பதிய முடியாது. அந்த மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கத்து வடகரை வீடாகப் பாருங்கள். வாடைக் காற்று மாதங்களில் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பருவமானாலும் அதிகாலைதான் அமைதி.

மைக்குக்கு முடி வைத்த உறை போட்டால் ஓரளவு தாங்கும். ஆனால் காற்று மைக்கில் நேரடியாக மோதி ஒலி வெடித்துவிட்டால், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஹெட்போனில் கேட்கும்போது 'டுபு டுபு' என்று வந்தால் அந்தப் பதிவு ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மருமகள் பேசும் காட்சியை முதுகுப் பக்கமிருந்தே எடுத்ததற்கு இதுதான் காரணம். உதடு தெரியாது. ஆகவே குரலைப் பிறகு உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலையணைகளைச் சுற்றி வைத்துப் பதிந்தோம். மாமியார் காதில் சுவருக்கு அப்பாலிருந்து விழும் குரல் என்பதால் கூர்மையைக் கொஞ்சம் வெட்டியதும் சரியாகப் பொருந்தியது.

கிறீச் சத்தத்தைக் காட்சியோடு சேர்த்துப் பதிவாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். பல போன்களும் கம்பியில்லா மைக்குகளும் பேச்சைத் தவிர மற்றதை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். கண்ணுக்குக் கட்டில் ஆடும், காதில் ஒன்றும் கேட்காது. இரைச்சல் குறைப்பு அமைப்பை அணைத்துவிட்டு, ஊர் அடங்கிய பிறகு, கால் சேரும் மூட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்துத் தனியாகப் பதியுங்கள். உட்காருவது, புரள்வது, எழுவது மூன்றும் வேண்டும், மூன்றின் சத்தமும் வேறு. சத்தம் போதவில்லை என்றால் மூட்டு நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தலாம். அதற்கு மேல் வேண்டாம், அந்த அம்மா அதில்தான் உட்காரப் போகிறார். பதிந்ததும் மறுபடி முடுக்கிவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், 36 ஆவது விநாடியில் வரும் நிசப்தம் இதை நம்பித்தான் இருக்கிறது. கிறீச் இரண்டு முறை நன்றாகக் கேட்டிருந்தால்தான் புதுக் கட்டிலில் உட்காரும்போது சத்தம் இல்லாதது கேட்கும். அந்த இடத்தில் பின்னணி இசை போடவே போடாதீர்கள். தூரத்து அலைச் சத்தம் மட்டும் மெலிதாக ஓடட்டும். சினிமாப் பாட்டு எங்குமே வேண்டாம். கடைக் கணக்கிலிருந்து போகும் விளம்பரத்துக்கு உரிமை வாங்காத பாட்டைப் போட்டால் ஒலியை அடைத்துவிடுவார்கள்.

படி 7: வெட்டுவது, காட்டிப் பார்ப்பது

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். முதலில் ஒலியை மட்டும் வரிசையாக அடுக்கி 45 விநாடிக்குள் கொண்டுவாருங்கள், பிறகு படத்தை அதன்மேல் வையுங்கள். பேச்சு ஓடும்போது பேசுபவரைக் காட்டுவதை விடக் கேட்பவரைக் காட்டுவதுதான் இந்தக் கதைக்குச் சரி.

முடிந்ததும், கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, எந்த இடத்தில் புரிந்தது என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'கட்டிலைத் தூக்கும்போது' என்று பதில் வர வேண்டும். 'வண்டி வந்ததும்' என்றால் ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கிறது, படி 4 க்குத் திரும்புங்கள். 'கடைசி வரை புரியவில்லை' என்றால் முதல் நான்கு விநாடியில் கட்டில் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம்.

பின்சேர்க்கை

ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு இது எப்படிப் புரியும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. வசனத்துக்கு எழுத்து ஓடினாலும் கிறீச்சுக்கு என்ன செய்வது? எழுத்தில் 'கிறீச்' என்று போட்டால் கவனம் கட்டிலுக்குப் போய்த் திருப்பம் உடைந்துவிடும். தூளியை அதே சட்டகத்தில் வைத்தது இதற்குத்தான். கட்டில் அசைந்த கணமே தூளி ஆடினால், சத்தம் கேட்டுக் குழந்தை புரள்கிறது என்று கண்ணாலேயே புரியும். தூளிக்குள் குழந்தை வேண்டாம். துணிப்பொட்டலம் வைத்து, கண்ணில் படாத நூலால் ஒருவர் இழுத்தால் போதும். எழுத்துகளை நடுவுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு வரிக்கு மிகாமல் வையுங்கள்.

இன்னொருவர் இதையே 15 விநாடிக்குச் சுருக்க முடியுமா என்று கேட்டார். முழுக் கதையைச் சுருக்க முடியாது, மாமியார் பை கட்டும் பத்து விநாடி போனால் திருப்பத்துக்கு எடையே இல்லை. கடைக்காரர் வற்புறுத்தினால் "நானே போயிர்றேன் தாயி" வரை உள்ளதை மட்டும் சுருக்கி வெட்டி, முடிவில்லாமல் நிறுத்தி, முழுப் படத்தின் இணைப்பைக் கீழே கொடுத்துவிடுங்கள்.